ஏதுவும் போலியும்

ஒரு செயல் நன்றா தீதா என்னும் வினா எழும்போது, மக்கள் தம் முடிபை மட்டும் கூறி அமைவதில்லை. அம்முடிபுக்கு ஒரு காரணமும் காட்டுவர். காரணத்தை ‘ஏது’ என்று அளவை நூலார் கூறுவர். ஏது வலியதாயின் முடிபும் நிலைபெறும். ஏதுவைப்போலத் தோன்றி, ஆராய்ந்து பார்த்தால் ஏது ஆகாமல் ஒழிவதும் உண்டு. அதனை ‘ஏதுப்போலி’ என்பர். இச்சொல் இக்காலத்தார் ஆக்கியது அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்குமுன், நல்ல ஏது இது, போலி ஏது இது என்று பிரித்தறியும் முறையையே கற்பிக்கின்றார். அறம் கேட்க விரும்பியவளுக்கு அளவை முதலில் உரைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

கணக்கில் பிழை நேர்ந்தால் விடை ஒவ்வாமையால் அது வெளிப்பட்டுவிடும். அறத்தைப் பற்றிய வாதத்தில் நேரும் பிழை அவ்வளவு எளிதில் வெளிப்படாது. பற்றும் அச்சமும் அதனை மறைத்துவிடும். அவ்வாறு மறைந்து நிற்கும் போலிகளுள் இரண்டு மிகப் பெருவழக்கானவை. ‘இது நெடுங்காலமாக நடந்துவருவது, ஆதலால் இது சரியானது’ என்பது ஒன்று, அதனை மரபுப் போலி எனலாம். ‘இதற்கு இடங்கொடுத்தால் அடுத்து அதற்கும் இடங்கொடுக்க நேரும்; முடிவில் எல்லாம் அழியும்; ஆதலால் இதுவே கூடாது’ என்பது மற்றொன்று. மலைச்சரிவில் ஒரு கல் உருண்டால் அடிவாரம் வரையில் நில்லாது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படையாதலால், இதனைச் சரிவுப் போலி எனலாம்.

இவ்விரண்டையும் கற்பனையான எடுத்துக்காட்டுகளைக்கொண்டு விளக்குவதைவிட, உண்மையாக நடந்த ஒரு வாதத்தில் வைத்துக் காண்பதே தெளிவு தரும். அத்தகைய வாதம் ஒன்று 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் முடிவுக்கு வந்தது. உயிர் காப்பதா, வழக்கம் காப்பதா என்பதே அதன் பொருள்.

வாதத்தின் பின்னணி

கணவன் இறந்தபின் அவனது ஈமத்தீயில் மனைவியும் விழுந்து உயிர் விடும் வழக்கம் உடன்கட்டை ஏறுதல் எனப்படும். இந்தியாவின் பல பகுதிகளில் இது அருகி நிகழ்ந்தது. வங்காளத்தில் கல்கத்தாவைச் சூழ்ந்த நாட்டில் மிகுதியாக நிகழ்ந்தது. அக்காலத்தில் அந்நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினியார், மக்களின் சமய வழக்கங்களில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையினர். ஆதலால் 1813இல் அவர்கள் ஓர் இடைவழியை மேற்கொண்டனர். பெண் தானே விரும்பி ஏறுவதாயின் தடை இல்லை, பிறர் வற்புறுத்தலாகாது, மயக்க மருந்து கொடுத்தலாகாது, கருவுற்றவரும் இளஞ்சிறுமியரும் ஏறலாகாது என்று விதித்து, அவ்விடத்தில் காவல் அதிகாரிகள் இருந்து பார்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டனர்.

இவ்விடைவழி எவருக்கும் நிறைவு தரவில்லை. இராம் மோகன் ராய் என்னும் பேரறிஞர் 1818இல் வங்காள மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். உடன்கட்டையை ஆதரிப்பவர் ஒருவரும் மறுப்பவர் ஒருவரும் எதிரெதிர் இருந்து உரையாடுவதாக அந்நூல் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக இரண்டாம் நூல் 1820இல் வெளிவந்தது. எதிரியின் வாதத்தைத் திரித்துக் கூறாமல், அவர் வாயினாலேயே அதனை முழுதும் கூறவைத்து, அதன்பின் விடை கூறுவது அந்நூல்களின் சிறப்பு. இதனால், எந்த வாதம் எவ்விடத்தில் முறிந்தது என்பதை அவற்றைப் படிப்பவர் வரிசையாகக் காண முடிகின்றது.

மரபுப் போலி

முதல் நூலில் ஒரு கட்டத்தில், பெண்ணைப் பிணத்தோடு சேர்த்துக் கட்டி, அவள் எழ முடியாதவாறு விறகு அடுக்கி, மூங்கிலால் அழுத்தும் கொடுமையை மறுப்பவர் எடுத்துக் காட்டுகின்றார். தானே விரும்பித் தீயில் புக வேண்டும் என்பதே நூல் விதி. கட்டி வைத்து எரிப்பதற்கு எந்நூலில் விதி இருக்கின்றது என்று அவர் வினவுகின்றார். ஆதரிப்பவர் நூலில் விதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் அது நாட்டு வழக்கம் என்றும், வழக்கத்தைப் பின்பற்றுவது குற்றம் ஆகாது என்றும் விடை கூறுகின்றார்.

இங்கே மரபு ஓர் ஏதுவாக வைக்கப்படுகின்றது. இதற்கு மறுப்பவர் இருவகையில் விடை கூறுகின்றார்.

முதல் விடை, கூறப்பட்ட செய்தி உண்மையா என்பது பற்றியது. கட்டி வைத்து எரிப்பது நாடு முழுவதற்கும் உரிய வழக்கம் அன்று. வங்காளப் பகுதியிலேயே அது காணப்படுகின்றது என்று அவர் சுட்டுகின்றார். மரபைக் காட்டி வாதிடுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் தவறுகின்றனர். தம் ஊரில், தம் காலத்தில் கண்டதை எவ்விடத்துக்கும் எக்காலத்துக்கும் உரியதாகக் கருதிவிடுகின்றனர். பிற்காலத்து அரசாங்கக் கணக்கும் இதனை மெய்ப்பித்தது. 1828ஆம் ஆண்டில் வங்காள இராசதானி முழுவதிலும் பதிவான உடன்கட்டைகள் 463. அவற்றுள் வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய கீழ் மாகாணங்களில் நிகழ்ந்தவை 420. அந்த 420இல் கல்கத்தாப் பிரிவில் மட்டும் நிகழ்ந்தவை 287. ஒரு சமயத்தார் அனைவருக்கும் உரிய கடமை என்று கூறப்பட்ட ஒன்றில் பாதிக்கு மேற்பட்டது ஒரே பிரிவில் நிகழ்ந்தது என்றால், அது சமயத்தின் வழக்கம் என்பதைவிட வட்டாரத்தின் வழக்கம் என்பதே பொருந்தும்.

இரண்டாம் விடை இன்னும் ஆழமானது. வழக்கம் என்பது உண்மையே ஆயினும், அதனால் ஒரு செயல் குற்றமற்றது ஆகிவிடுமா என்பது அவர் வினா. காட்டிலும் மலையிலும் வழிவழியாகக் கொள்ளையடித்து வாழ்வோரும் தம் முன்னோர் வழக்கத்தையே பின்பற்றுகின்றனர். அவர்களையும் குற்றமற்றவர் என்று கூற வேண்டியதாகும் என்று அவர் காட்டுகின்றார்.

இவ்விடையின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். உடன்கட்டை ஏறுதலும் கொள்ளையும் ஒன்று என்று அவர் கூறவில்லை. ‘வழக்கமானது எதுவும் சரியானது’ என்னும் விதியை எதிரி ஏற்றால், அவர் ஏற்க விரும்பாத முடிபையும் அவ்விதி கொண்டுவந்துவிடும் என்று மட்டுமே அவர் காட்டினார். ஓர் ஏது வலியதா என்று சோதிக்க இது மிகச் சிறந்த முறையாகும். அதே ஏதுவை எடுத்து, எல்லோரும் தீயது என்று ஒப்பும் ஒரு செயலின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அது ‘சரி’ என்றே விடை தருமாயின், அந்த ஏதுவுக்கு நன்மையையும் தீமையையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் இல்லை என்பது தெளிவாகும். எப்பொருளை வைத்தாலும் ஒரே நிறையைக் காட்டும் தராசினால் பயன் இல்லை அல்லவா?

ஒரு செயல் எவ்வளவு பழமையானது என்பது ஒரு வினா. அது நல்லதா என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்குக் கூறிய விடையை இரண்டாம் வினாவுக்கும் விடையாக வைப்பதே மரபுப் போலியாகும்.

இதில் மற்றொன்றும் உண்டு. வழக்கம் என்னும் சொல் சில வேளைகளில் உண்மைக் காரணத்தை மூடும் திரையாக நிற்கும். இராம் மோகன் ராயின் இரண்டாம் நூலில் இது தெளிவாகின்றது. வழக்கத்தைச் சான்றாகக் காட்டிய வாதம் நிலைபெறாமற்போகவே, ஆதரிப்பவர் முடிவில் தம் உள்ளக்கருத்தை வெளியிடுகின்றார். பெண்கள் இயல்பாகவே அறிவிற் குறைந்தவர், உறுதியற்றவர். கணவன் இறந்தபின் வாழ விட்டால் நெறி தவறக்கூடும் என்பதே அக்கருத்து. திரை விலகியதும் அதனை ஆராய வழி பிறந்தது. பெண்களின் அறிவை எப்போதேனும் சோதித்துப் பார்த்தது உண்டா, கல்வியே கொடாமல் வைத்துவிட்டு அறிவில்லை என்று முடிவு கட்டுவது எப்படிப் பொருந்தும் என்று மறுப்பவர் கேட்டார். வழக்கம் என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வரையில் அக்கருத்தை எவரும் தொட முடியவில்லை. வெளியே வந்தபின், ஒரு வினாவுக்கும் அதனால் விடை கூற முடியவில்லை.

இதனால், பழமைக்கு எவ்வித மதிப்பும் இல்லை என்று கொள்ளலாகாது. பல தலைமுறையாக நிலைத்த ஒரு வழக்கத்துக்கு நல்ல பயன் இருக்கக்கூடும். அப்பயன் உடனே கண்ணுக்குத் தோன்றாமலும் இருக்கலாம். ஆதலால் வழக்கத்தை மாற்ற விரும்புவோர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்பது நேர்மையான கருத்து. ஆனால் அவர் காரணத்தைக் காட்டிய பின்னரும், ‘இது பழமையானது’ என்பதையே திரும்பத் திரும்பக் கூறுவது விடை ஆகாது. வழக்கத்தின் பயன் இன்னது என்று எடுத்துக் காட்டினால்தான் அது விடை ஆகும். ‘இது பழையது; ஆதலால் தவறு’ என்பதும், ‘இது புதியது; ஆதலால் நன்று’ என்பதும் இதே போலியின் மறுபுறமே ஆகும். அவ்வாதங்களிலும் வயதே அறத்தின் அளவுகோலாக வைக்கப்படுகின்றது.

சரிவுப் போலி

1828இல் வில்லியம் பெண்டிங் பிரபு கவர்னர் செனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். உடன்கட்டையைச் சட்டத்தால் விலக்க வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு இருந்தது. ஆயினும் ஒரு பேரச்சம் குறுக்கே நின்றது. ஒரு வழக்கத்தில் கை வைத்தால் மக்கள் ஐயுறுவர்; ஐயம் வெறுப்பாகும்; வெறுப்பு படைவீரரிடமும் பரவும்; முடிவில் கலகம் விளையும் என்று பலர் எச்சரித்தனர். வடமொழிப் புலமை மிக்க ஆங்கிலேயரான வில்சன் என்பவரும் நேர்முகத் தடை மக்களிடையே பரந்த மனக்குறையை உண்டாக்கும் என்று கருதினார்.

வியப்பிற்குரியது யாதெனின், இத்தகைய எச்சரிக்கையை இராம் மோகன் ராயும் கூறினார் என்பதே. உடன்கட்டையைப் பத்தாண்டுகளுக்கு மேலாக எதிர்த்து எழுதிய அவர், பெண்டிங் பிரபு நேரில் கலந்து பேசியபோது உடனடித் தடைச் சட்டம் வேண்டா என்றார். கும்பினியார் ஆட்சிக்குப் போட்டியிட்ட காலத்தில் எல்லாச் சமயங்களையும் மதிப்பதாகக் கூறினர். ஆட்சி கைக்கு வந்தபின் அவ்வாக்கை மீறுகின்றனர். இனி அடுத்த படியாகத் தம் சமயத்தையே நம்மீது சுமத்துவர் என்று மக்கள் எண்ணுவர் என்பது அவர் கருத்து. சட்டம் இயற்றாமல், காவலரைக்கொண்டு இடையூறுகளை மிகுவித்து, அவ்வழக்கத்தை ஓசையின்றி ஒழிக்கலாம் என்று அவர் வழிகூறினார்.

இவ்வச்சம் வெறுங்கற்பனை என்று தள்ளத்தக்கதும் அன்று. அதன் உண்மையைப் பெண்டிங் பிரபுவைவிட நன்கு அறிந்தவர் எவரும் இலர். அவர் 1803 முதல் 1807 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். அக்காலத்தில் சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், அணிவகுப்பின்போது நெற்றிக்குறி இடலாகாது, தாடியை மழித்து மீசையை ஒரே முறையில் திருத்த வேண்டும் என்றெல்லாம் படைத்தலைமை ஆணையிட்டது. அதனால் எழுந்த சினமும் வேறு சில காரணங்களும் சேர்ந்து, 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் பெருங்கலகமாக வெடித்தன. அதன் விளைவாகப் பெண்டிங் பிரபு பதவி இழந்து தாய்நாடு திரும்ப நேர்ந்தது. வழக்கத்தில் கை வைத்ததால் ஒருமுறை தீப்பற்றியதைக் கண்டவர் இரண்டாம் முறை அஞ்சுவது இயல்பே.

ஆகவே, சரிவைக் காட்டி எச்சரிக்கும் வாதம் ஒவ்வொன்றும் போலி என்று கூறலாகாது. சில சரிவுகள் உண்மையானவை. வேலூரில் ஓர் ஆணை கலகத்துக்கு வழி செய்தது உண்மை. எச்சரிக்கை எப்போது போலி ஆகின்றது? இடையில் உள்ள படிகளைச் சோதிக்காமல், முதற்படியைக் கண்டவுடனே கடைசிப் படி உறுதி என்று முடிவு கட்டும்போது அது போலி ஆகின்றது. சரிவு வாதம் ஒரு சங்கிலியை ஒக்கும். அதில் ஒரு கண்ணி இற்றாலும் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகும். ஆதலால் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதே செய்யத்தக்கது.

பெண்டிங் பிரபு செய்தது அதுவே. கலகம் விளையும் என்னும் அச்சத்தை அவர் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, அதனைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தார்.

படையினர் கொதித்தெழுவர் என்பது முதன்மையான கண்ணி. வங்காளப் படையின் வீரர் எந்நாட்டினர் என்று அவர் நோக்கினார். அவர்களுள் பெரும்பாலோர் மேல் மாகாணங்களைச் சேர்ந்தவர். அங்கே உடன்கட்டை எத்துணை நிகழ்ந்தது? 1828இன் 463 நிகழ்ச்சிகளில் கீழ் மாகாணங்களின் 420 போக, மேல் மாகாணங்களில் நிகழ்ந்தவை 43 மட்டுமே. அங்கு வாழ்ந்த மக்களோ ஏறத்தாழ இரண்டு கோடியினர். எந்த வீரரின் சினத்துக்கு அஞ்சினரோ, அவ்வீரரின் குடும்பங்களில் அவ்வழக்கம் அரிதினும் அரிதாகவே இருந்தது. வேலூரில் ஆணை சிப்பாயின் தலையையும் நெற்றியையும் நேரே தொட்டது. இங்கே கருதிய சட்டம் அவ்வாறு அவனைத் தொடவில்லை. எனவே வேலூரை உவமையாகக் காட்டியது முழுதும் பொருந்துவதாக இல்லை.

இதனோடு அவர் அமையவில்லை. வீரரோடு நாள்தோறும் பழகும் படையதிகாரிகள் 49 பேரிடம் மறைவாகக் கருத்துக் கேட்டார். அவர்களுள் 5 பேர் எவ்விதத் தலையீடும் கூடாது என்றனர். 24 பேர் உடனே முழுதும் வெளிப்படையாகத் தடை செய்யலாம் என்றனர். எஞ்சியோர் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதை ஏற்று, நேர்முகத் தடையின்றி வேறு வழியால் அதனைச் செய்ய விரும்பினர். 49 பேருடைய கருத்து என்பதும் எதிர்காலத்தைப் பற்றிய ஊகமே. அது உறுதியான அறிவு ஆகாது. எனினும் ஒன்றுமறியாமல் அஞ்சுவதற்கும், அறிந்தோரை வினவி அச்சத்தை அளந்துகொள்வதற்கும் வேறுபாடு பெரிது.

தட்டின் மற்றொரு பக்கத்தில் நின்றதையும் அவர் மறக்கவில்லை. கலகம் என்பது வரக்கூடும் என்று எண்ணப்பட்ட தீமை. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெண்கள் எரிந்து மடிந்ததோ கண்முன் நடந்த தீமை. சரிவு வாதத்தின் மயக்கம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இருக்கின்றது. அடிவாரத்தில் கிடப்பதாகக் கூறப்படும் பேரழிவையே கண் நோக்கிக்கொண்டிருப்பதால், நிற்கும் இடத்திலேயே நிகழும் அழிவு கண்ணுக்குப் புலனாவதில்லை. ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் விலை உண்டு.

விளைந்தது என்ன?

1829 திசம்பர் 4ஆம் நாள் அவ்வாண்டின் 17ஆம் ஒழுங்குவிதி வெளிவந்தது. வங்காள இராசதானியில் உடன்கட்டை சட்டத்துக்குப் புறம்பானது ஆயிற்று. அடுத்த ஆண்டில் சென்னை இராசதானியிலும் இத்தகைய விதி இயற்றப்பட்டது. 1830 சனவரியில் கல்கத்தாவின் வைதிகப் பெருமக்கள் பலர் கையொப்பமிட்டு எதிர்ப்பு விண்ணப்பம் கொடுத்தனர். தரும சபை என்னும் கழகத்தையும் நிறுவினர். இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரையில் அவர்கள் முறையிட்டனர். 1832இல் அம்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. எதிர்ப்பு எழுந்தது, ஆனால் அது விண்ணப்பமாகவும் வழக்காகவும் எழுந்தது. இச்சட்டத்தை எதிர்த்துப் படை கிளர்ந்தெழவில்லை.

இராம் மோகன் ராய் என்ன செய்தார் என்பதும் அறியத்தக்கது. தாம் அஞ்சியது வேறு வகையாக இருந்தும், சட்டம் வந்தபின் அவர் அதனை எதிர்க்கவில்லை. 1830 சனவரியில் பெண்டிங் பிரபுவைப் பாராட்டி வரவேற்பிதழ் அளித்தவருள் அவரும் ஒருவர். பின்னர் இங்கிலாந்து சென்று, அச்சட்டம் நிலைபெறவும் பாடுபட்டார். வழியைப் பற்றிய ஊகம் பிழைத்தது. அதனால் அவர் கொண்ட குறிக்கோள் பிழை ஆகிவிடவில்லை. ஒருவர் காட்டும் ஏது ஒன்று போலி என்று தெளிந்தால், அந்த ஏது வீழ்ந்தது என்பதே பொருள். அவர் முடிபும் வீழ்ந்தது என்று கூற, வேறு ஏதுக்களையும் ஆராய வேண்டும். வாதங்களில் மூன்றாவதாக நேரும் பெரும்பிழை, எதிரியின் ஒரு பிழையைக் கண்டவுடன் தம் பக்கமே உண்மை என்று மகிழ்வதாகும்.

கல் அடிவாரம் வரையில் உருண்டதா என்பதை இன்று திரும்பி நோக்கிக் கூறலாம். ஆட்சியாளர் தம் சமயத்தை மக்கள்மீது சுமத்துவர் என்பதே அச்சத்தின் கடைசிப் படி. அவ்வாறு சுமத்தும் சட்டம் எதுவும் வரவில்லை. 1858இல் வெளிவந்த விக்டோரியா அரசியாரின் அறிக்கை, தம் சமய நம்பிக்கையைக் குடிகள்மீது சுமத்தும் உரிமையும் விருப்பமும் தமக்கு இல்லை என்று கூறியது.

இடைப்படிகளாகச் சில மாறுதல்கள் நிகழ்ந்தன. 1856இல் விதவையர் மறுமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் வந்தது. ‘பார்த்தீர்களா, ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது’ என்று சரிவு வாதத்தார் இதனைச் சான்றாகக் காட்டக்கூடும். அவ்விடத்தில் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். முதற்படி எடுத்ததனால்தான் இரண்டாம் படி தானாக நேர்ந்ததா? இல்லை. ஈசுவர சந்திர வித்தியாசாகர் முதலியோர் தனியே காரணம் காட்டி, விண்ணப்பம் செய்து, எதிர்ப்பைத் தாங்கி அச்சட்டத்தைப் பெற்றனர். சரிவில் உருளும் கல்லுக்கு இத்தனை உழைப்பு வேண்டியதில்லை. அடுத்த வினா, அந்த இரண்டாம் படி தீயதுதானா என்பது. இளம் விதவை மறுமணம் செய்துகொள்ள உரிமை பெறுவதைத் தீமை என்று முன்னரே வைத்துக்கொண்டால்தான் அது அச்சுறுத்தும். அடுத்து வருவது நன்மையாயின், அதற்குக் கொண்டுசெல்லும் படியும் நல்ல படியே ஆகும்.

1857இல் வடநாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. சமய வழக்கங்களில் ஆட்சியாளர் தலையிட்டனர் என்னும் மனக்குறையும் அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது உண்டு. ஆயினும் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், நாடுகளைக் கவர்ந்துகொண்டமை, நிலவரிக் கொடுமை, வீரரின் ஊதியக் குறை எனக் காரணங்கள் பல. 28 ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சட்டத்தின்மேல் அதனை முழுதும் சுமத்த இயலாது. அதற்காக, அச்சட்டத்துக்கு அதில் ஒரு சிறிதும் பங்கில்லை என்று துணிந்து கூறவும் இயலாது. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் நிகழ்ந்தமை மட்டும் காரணத் தொடர்பைக் காட்டாது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

பெண்டிங் பிரபுவின் கைக்குள் இருந்த தாள்களில் இரு வகைச் செய்திகள் இருந்தன. ‘நெடுங்கால வழக்கம்’, ‘பெருங்கலகம்’ என்னும் சொற்கள் ஒரு வகை. 463, 420, 43 என்னும் எண்களும், 49 பேரின் விடைகளும் மற்றொரு வகை. முதல் வகைச் செய்தி உள்ளத்தை அசைத்தது. இரண்டாம் வகைச் செய்தி வினாவுக்கு விடை தந்தது. இவ்விரண்டையும் அவர் வேறு பிரித்து நோக்கிய காரணத்தால், அடுத்த ஆண்டு எரிய இருந்த பெண்கள் பலர் எரியாமல் வாழ்ந்தனர்.

பயிற்சி

1. ‘வழக்கத்தைப் பின்பற்றுவது குற்றம் ஆகாது’ என்னும் வாதத்துக்கு இராம் மோகன் ராயின் நூலில் கூறப்பட்ட இரு விடைகளை எழுதுக. அவற்றுள் எது எல்லா வழக்கங்களுக்கும் பொருந்தும்? காரணம் கூறுக.

2. வேலூர் நிகழ்ச்சியை 1829ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உவமையாகக் காட்டுவது எவ்வாறு பொருந்துகின்றது? எவ்வாறு பொருந்தவில்லை?

3. ‘ஒரு மாணவன் காலந்தாழ்ந்து வர இசைவு தந்தால், நாளை எல்லோரும் காலந்தாழ்ந்து வருவர்; பள்ளியே நடைபெறாது.’ இவ்வாதத்தின் கண்ணிகளைப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றையும் சோதிக்க என்ன சான்று தேவை என்று கூறுக.

4. ‘இவ்விளையாட்டு நம் பாட்டனார் காலத்தது, ஆதலால் இதனை விட்டுவிட வேண்டும்’ என்பது எவ்வகைப் போலி? விளக்குக.